கட்டம் கலையாமல் போய்ச் சேர

எக்செல்லில் ஒரு புதிய தாளைத் திறந்து, மேலே View பகுதியில் Gridlines என்ற சொல்லுக்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள். தாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த சாம்பல் கோடுகள் ஒரே நொடியில் காணாமல் போகும். எழுத்தும் எண்ணும் மட்டும் வெள்ளைத் திரையில் நிற்கும். அந்தக் கோடுகள் அட்டவணைக்குச் சொந்தமானவை அல்ல. தட்டச்சு செய்பவர் வரிசை மாறிவிடாமல் இருக்க எக்செல் திரையில் மட்டும் வரைந்து காட்டுபவை. அதனால்தான் அட்டவணையைக் காப்பி செய்து மெயிலில் ஒட்டும்போது அவை கூடவே வருவதில்லை. “நான் அனுப்பும்போது கோடெல்லாம் இருந்துச்சே” என்று அலுவலகங்களில் எழும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

கோடு போனால் அழகுதானே போகிறது, கணக்கு போகவில்லையே என்று தோன்றலாம். கணக்கும் போகும். கரூரிலிருந்து வெளிநாட்டுக்கு மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் அனுப்பும் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அங்குள்ள மெர்ச்சண்டைசர் ஒரு விலைப்பட்டியல் தயாரிக்கிறார். ஐந்து நெடுவரிசைகள்: ஸ்டைல் எண், பொருள், எண்ணிக்கை, சாம்பிள் கட்டணம், ஒன்றின் விலை. மேசை விரிப்பு 800, சாம்பிளுக்கு 25 டாலர், விலை 12.4. ஏப்ரன் 4800, சாம்பிளுக்கு 15, விலை 3.6. சமையலறைத் துண்டு 12000, விலை 1.85, இதற்குச் சாம்பிள் கட்டணம் கிடையாது என்பதால் அந்தக் கட்டத்தை அவர் காலியாக விட்டுவிட்டார்.

எக்செல்லில் எல்லாம் கச்சிதம். மெயிலில் ஒட்டினார், அனுப்பினார். மெயிலை வெறும் எழுத்தாக மட்டும் படிக்கும்படி வைத்திருக்கும் ஒரு வாடிக்கையாளரின் திரையில் அது இப்படிப் போய் நின்றது:

```
TC-210 Table cloth 800 25 12.4
AP-033 Apron 4800 15 3.6
KT-104 Kitchen towel 12000 1.85
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். காலிக் கட்டம் இருந்த இடம் தெரியாமல் மூடிக்கொண்டுவிட்டது. விலையான 1.85, சாம்பிள் கட்டணம் நிற்க வேண்டிய இடத்துக்கு நகர்ந்துவிட்டது. இந்தத் துண்டுக்கு விலையே குறிப்பிடவில்லை போலும், சாம்பிளுக்கு 1.85 டாலர் கேட்கிறார்கள் போலும் என்று வாடிக்கையாளர் படித்துக்கொண்டால் அவர்மீது தவறில்லை. அட்டவணையில் கோடும் நிரலும் பொருளின் ஒரு பகுதி. எந்த எண் எந்தத் தலைப்புக்குக் கீழ் வருகிறது என்பதைச் சொல்வது அவைதான்.

காப்பி செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. எக்செல்லில் Ctrl+C அழுத்தியதும் ஒரே அட்டவணை பல வடிவங்களில் கிளிப்போர்டில் ஏறுகிறது. ஒன்று, இணையப் பக்கங்களை எழுதும் HTML வடிவம். இன்னொன்று, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஒரு டேப் இட்ட வெறும் எழுத்து. மற்றொன்று, படம். ஒட்டும் இடம் எதைக் கேட்கிறதோ அது போய்ச் சேரும். நோட்பேடில் ஒட்டினால் வெறும் எழுத்து. மெயில் எழுதும் பெட்டியில் ஒட்டினால் HTML. அந்தப் பெட்டியே வெறும் எழுத்து நிலையில் இருந்தால், அதாவது அவுட்லுக்கின் Format Text பகுதியில் Plain Text தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தாலோ ஜிமெயிலில் மூன்று புள்ளி மெனுவுக்குள் Plain text mode டிக் ஆகியிருந்தாலோ, எத்தனை கோடு போட்டுக் கொண்டுவந்தாலும் எல்லாம் வாசலிலேயே உதிர்ந்துவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது இந்த நிலையைத்தான். ஜிமெயிலில் Ctrl+V-க்குப் பதில் Ctrl+Shift+V அழுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதிதான்; அது எழுத்தை மட்டும் ஒட்டும் கட்டளை.

சரி, HTML ஆகவே ஒட்டியாயிற்று. இனிமேல் என்ன சிக்கல்? அந்த HTML-ஐப் படித்து வரைபவர் யார் என்பதுதான். மெயில் படமாகப் போவதில்லை. இங்கே கோடு, அங்கே வலப்பக்கம் ஒதுக்கு என்ற குறிப்புகளாகப் போகிறது. ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தெரிந்த குறிப்புகளை மட்டும் கேட்கும். தெரியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

இதில் மிகவும் பிடிவாதக்காரர் விண்டோஸில் நிறுவிப் பயன்படுத்தும் பழைய அவுட்லுக். 2007-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அது மெயிலை வரைய பிரவுசரின் இயந்திரத்தைப் பயன்படுத்துவதில்லை. மைக்ரோசாப்ட் வேர்ட் ஆவணத்தை வரையும் அதே இயந்திரம்தான் மெயிலையும் வரைகிறது. அதற்கு முன்பு இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் இயந்திரம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. வேர்டுக்கு நவீன இணைய வடிவமைப்புக் குறிப்புகள் பலவும் புரியாது. இந்த மாற்றத்தை எதிர்த்து 2009-இல் வலை வடிவமைப்பாளர்கள் ட்விட்டரில் பெரிய அளவில் குரல் எழுப்பினார்கள். அப்படியும் அடுத்து வந்த பதிப்புகளில் வேர்டே நீடித்தது. புதிய அவுட்லுக் பிரவுசர் வழியில் வரைகிறது என்றாலும் பழையது இன்னும் எத்தனையோ அலுவலகங்களில் ஓடுகிறது.

ஆனால் நம் வேலைக்கு இந்தப் பழைய அவுட்லுக் எதிரி அல்ல. வேர்டுக்கு அட்டவணை நன்றாகத் தெரியும். கட்டத்தின் கோடு, கட்டத்துக்குள் விடும் இடைவெளி, வலம் இடம் ஒதுக்கல் எல்லாவற்றையும் அது ஒழுங்காகவே வரையும். அது ஏமாற்றும் இடம் வேறு. கோடில்லாத அட்டவணையை ஒட்டும்போது, எழுதுபவரின் வசதிக்காக மெல்லிய புள்ளிக்கோடுகளைக் காட்டக்கூடும்; அட்டவணைக்குள் கர்சரை வைத்தால் வரும் Layout பகுதியில் View Gridlines என்ற பொத்தானின் வேலை அது. அனுப்புபவர் அதைப் பார்த்துக் கோடு வந்துவிட்டது என்று நம்பிவிடுவார். பெறுபவருக்கு அது போகாது. தண்டர்பேர்டிலும் இதே போல, கோடில்லாத அட்டவணையை எழுதும்போது மட்டும் சிவப்புப் புள்ளிக்கோடு சூழ்ந்து தெரியும். அந்த View Gridlines பொத்தானை அணைத்துவிட்டுப் பார்த்தால் உண்மையில் இருப்பது எது, கண்ணுக்குக் காட்டியது எது என்று தெரிந்துவிடும்.

ஜிமெயிலின் குணம் வேறு. HTML-இல் கோடு, நிறம், ஒதுக்கல் போன்ற அலங்காரங்களை இரண்டு விதமாக எழுதலாம். மெயிலின் தலைப்பகுதியில் எல்லா விதிகளையும் மொத்தமாக எழுதிவிட்டு, கீழே ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர் மட்டும் இடுவது ஒரு முறை. ஒவ்வொரு கட்டத்தின் மேலேயே அதற்கான விதியை எழுதுவது மற்றொரு முறை. 2016 செப்டம்பருக்கு முன்பு ஜிமெயில் தலைப்பகுதி விதிகளைப் பெரும்பாலும் கழற்றி எறிந்துவிடும். பின்னர் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியது. ஆனாலும் அந்தப் பகுதி ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டினால் மதிப்பதில்லை, ஜிமெயில் ஆப்பில் வேறு நிறுவனத்தின் மெயில் கணக்கைச் சேர்த்துப் படிப்பவர்களுக்கு இன்றும் அது கிட்டுவதில்லை. கட்டத்தின் மேலேயே எழுதிய விதியோ எங்கும் தப்பிப் பிழைக்கிறது. மெயில் வடிவமைப்பையே தொழிலாகக் கொண்டவர்கள் அலுத்துக்கொண்டாவது ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப எழுதுவது இதனால்தான்.

எக்செல் கிளிப்போர்டில் ஏற்றும் HTML முதல் முறையைச் சேர்ந்தது. தலைப்பகுதியில் xl65, xl66 என்று பெயரிட்ட விதிகள், கீழே கட்டங்களில் அந்தப் பெயர்கள். நல்லவேளையாக, குரோமில் திறந்த ஜிமெயிலில் ஒட்டும்போது பிரவுசரே அந்த விதிகளைப் பிரித்தெடுத்து ஒவ்வொரு கட்டத்தின் மேலும் எழுதிவிடுகிறது. அவுட்லுக்கில் ஒட்டினால் வேர்ட் அந்த வேலையைச் செய்து, கோட்டைக் கட்டத்தின் மேல் எழுதி அனுப்புகிறது. ஆக, எக்செல்லில் உண்மையான கோடு போடப்பட்டிருந்தால் அது பயணத்தைத் தாங்கும்.

கூகுள் ஷீட்ஸ் ஒரு சுவையான விதிவிலக்கு. அங்கேயும் திரையில் தெரியும் சாம்பல் கோடுகள் வெறும் காட்சிதான். ஆனால் காப்பி செய்யும்போது எல்லாக் கட்டங்களுக்கும் #cccccc என்ற வெளிர்சாம்பல் நிறத்தில் ஒரு பிக்ஸல் கோடு இருக்கட்டும் என்று ஷீட்ஸ் தானாகவே ஒரு விதியைச் சேர்த்து அனுப்புகிறது. எனவே எந்தக் கோடும் போடாத ஷீட்ஸ் அட்டவணை ஜிமெயிலில் கட்டத்தோடு வந்து நிற்கும். இதைப் பார்த்துப் பழகியவர்தான் மறுநாள் எக்செல்லில் இருந்து ஒட்டிவிட்டுக் கோடு எங்கே என்று தேடுகிறார். ஷீட்ஸின் அந்தத் தானியங்கிக் கோட்டையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. அது தலைப்பகுதி விதி. ஒட்டும் இடம் அதைக் கழற்றிவிட்டால் கோடு மங்கலாம், மாறலாம். கையால் போட்ட கோடே கோடு.

இனி கரூர் மெர்ச்சண்டைசரின் பட்டியலை எடுத்துச் சரிசெய்வோம்.

முதலில் காலிக் கட்டம். துண்டுக்குச் சாம்பிள் கட்டணம் இல்லையென்றால் அங்கே 0 அல்லது ஒரு சிறு கோடு இட வேண்டும். இரண்டில் 0 மேல். “இல்லை” என்று பொருள் தெளிவாக நிற்கும், நிரலும் கெடாது. மேலே நடந்த விபத்துக்கு இந்த ஒற்றை எழுத்தே மருந்து. அட்டவணை எவ்வளவு சிதைந்து வெறும் எழுத்தாகப் போனாலும் ஒவ்வொரு வரியிலும் ஐந்து மதிப்புகள் இருந்தால் பெறுபவர் எண்ணிப் பார்த்தாவது கண்டுபிடித்துவிடுவார். அதே காரணத்துக்காக ஒன்றிணைத்த கட்டங்களையும் பிரித்துவிட வேண்டும். Merge & Center போட்டு இரண்டு வரிசைகளுக்கு ஒரே பெயரை நடுவில் வைப்பது தாளில் அழகு. மெயிலில் இரண்டாவது வரிசைக்கு முதல் கட்டமே இல்லாமல் போய், மற்றவை இடப்பக்கம் சரிகிற வாய்ப்பை அது திறந்துவிடும். பெயரை இரண்டு முறை எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்து எண்கள். எக்செல் எண்ணை வலப்பக்கமும் எழுத்தை இடப்பக்கமும் தானாக ஒதுக்கும், ஒட்டும்போது அந்த ஒதுக்கலும் கூடப் போகும். ஆனால் கட்டத்துக்குள் “3.6 USD” என்று தட்டினால் எக்செல்லுக்கு அது எண் அல்ல, எழுத்து. அது இடப்பக்கம் போய்விடும். பலர் அதை நேராக்க ஸ்பேஸ் தட்டித் தட்டி நகர்த்துவார்கள். HTML-க்கு ஒரு விதி உண்டு: அடுத்தடுத்து எத்தனை ஸ்பேஸ் இருந்தாலும் ஒன்றாகவே வரையும். தட்டிய ஸ்பேஸ்களை அப்படியே காப்பாற்றித் தரும் மென்பொருளும் உண்டு, சுருக்கிவிடுவதும் உண்டு. எது வாய்க்கும் என்று அனுப்புபவரால் சொல்ல முடியாது. டாலர் என்பதைத் தலைப்பில் ஒருமுறை எழுதிவிட்டுக் கட்டத்தில் எண்ணை மட்டும் வைப்பதே வழி.

வலப்பக்கம் ஒதுக்கினால் மட்டும் புள்ளிக்குக் கீழ் புள்ளி வராது. 12.4, 3.6, 1.85 மூன்றையும் வலப்பக்கம் ஒதுக்கினால் 1.85-இன் புள்ளி மற்ற இரண்டிலிருந்து ஓர் இலக்கம் தள்ளி நிற்கும். விலை நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து Ctrl+1 அழுத்தி, Number பகுதியில் இரண்டு தசம இலக்கம் வைத்தால் 12.40, 3.60, 1.85 என்று ஒரே நீளத்தில் முடியும். மெயிலுக்குப் போவது கட்டத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்துதான், உள்ளே இருக்கும் கணக்கு அல்ல. எனவே இந்த வடிவம் எந்த மென்பொருளிலும் கலையாது. இதே காரணத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: நெடுவரிசை குறுகலாக இருந்து எண்ணுக்குப் பதில் ##### தெரிந்தால், ஒட்டும்போது போவதும் அந்த ##### தான். நெடுவரிசையின் விளிம்பில் இருமுறை சொடுக்கி அகலப்படுத்திய பிறகே காப்பி செய்ய வேண்டும்.

கோடு கடைசியில். பட்டியலை மட்டும் தேர்ந்தெடுத்து, Ctrl+1, Border பகுதி. தொடர்ச்சியான மெல்லிய கோட்டை எடுத்து, நிறத்தில் நடுத்தரச் சாம்பலைத் தேர்ந்து, Outline, Inside இரண்டையும் அழுத்த வேண்டும். புள்ளிக்கோடு, இரட்டைக்கோடு போன்றவை வேண்டாம். ஒவ்வொரு மென்பொருளும் அவற்றை ஒவ்வொரு விதமாக வரையும். நடுச்சாம்பல் ஏன் என்றால், இப்போது பலர் இரவு நிறத்தில், கறுப்புப் பின்னணியில் மெயில் படிக்கிறார்கள். நிறங்களைத் தலைகீழாக்கும் வேலையை ஒவ்வொரு ஆப்பும் தன் விருப்பப்படி செய்கிறது. பின்னணியை மட்டும் கறுப்பாக்கிக் கோட்டை விட்டுவிட்டால் கருங்கோடு அதிலேயே கரைந்துபோகும். சாம்பல் வெள்ளையிலும் தெரியும், கறுப்பிலும் தெரியும்.

எழுத்துருவையும் இப்போதே பார்த்துவிடலாம். 2023-இலிருந்து ஆபீஸ் மென்பொருள்களின் இயல்பு எழுத்துரு ஆப்டோஸ். பெறுபவரின் கருவியில் அது இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறி, ஒரு வரியில் இருந்த பெயர் இரண்டாக மடியும். ஏரியல் போன்ற எங்கும் இருக்கும் எழுத்துருவே பட்டியலுக்குப் பொருத்தம். தமிழில் பட்டியல் போடுபவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது உண்மையில் ஆங்கில எழுத்துகளே. எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தைப் போட்டுக் காட்டுகிறது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் “அம்மா” என்பது mk;kh என்றுதான் தெரியும். மெயிலில் போக வேண்டிய தமிழ் யூனிகோடில்தான் இருக்க வேண்டும்.

எல்லாம் முடிந்த பின் பட்டியலைக் காப்பி செய்து, மெயிலில் ஒட்ட வேண்டும். அவுட்லுக்கில் ஒட்டியதும் மூலையில் ஒரு சிறு பெட்டி எழும். அதில் Keep Source Formatting தேர்ந்தால் எக்செல்லில் போட்ட கோடும் எழுத்துருவும் அப்படியே வரும். Keep Text Only தேர்ந்தால் அட்டவணையே கலைந்துவிடும்.

அனுப்பிய அட்டவணை போய்ச் சேர்ந்த இடத்தில் கோடு சரியாக இருந்தும் வரிசைகள் ஊதிப்போய், ஒவ்வொரு எண்ணுக்கும் மேலும் கீழும் வெற்றிடத்தோடு தெரிவது உண்டு. அதற்குக் காரணம் அவுட்லுக். அது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் எழுத்தை ஒரு பத்தியாக வைத்து அனுப்புகிறது. அந்தப் பத்திக்கு மேலும் கீழும் இடம் விடாதே என்ற விதி தலைப்பகுதியில் இருக்கிறது. பெறும் மென்பொருள் தலைப்பகுதியைக் கழற்றிவிட்டால் விதி போய்விடும், பத்தி மட்டும் நிற்கும். பிரவுசர்கள் பத்திக்கு வழக்கமாக விடும் இடைவெளியை விட்டுவிடும். கோடு கட்டத்தின் மேலேயே எழுதப்பட்டிருப்பதால் அது பிழைத்துக்கொள்கிறது. மெயில் இரண்டு மூன்று முறை பதிலும் ஃபார்வர்டுமாகச் சுற்றி வந்தபின் இது அடிக்கடி தென்படும்.

வாரந்தோறும் ஒரே மாதிரிப் பட்டியல் அனுப்புபவர்களுக்கு இந்தத் தொல்லைகள் எல்லாவற்றுக்கும் ஒரே தீர்வாக, அட்டவணையை HTML-ஆகவே ஒருமுறை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு வரிசையை எழுதிவிட்டால் மற்றவை அதன் நகல்கள்.

```html
<table border="1" cellpadding="6" cellspacing="0"
 style="border-collapse:collapse">
<tr>
<td align="left" style="border:1px solid #808080">KT-104</td>
<td align="right" style="border:1px solid #808080;text-align:right">12,000</td>
<td align="right" style="border:1px solid #808080;text-align:right">1.85</td>
</tr>
</table>
```

இதில் கோட்டை இரண்டு முறை சொல்லியிருப்பதைக் காணலாம். border="1" என்பது 1990-களின் HTML-இலேயே இருந்த பழைய குறிப்பு. அலங்கார விதிகள் எதையும் மதிக்காத மென்பொருளுக்கும் அது புரியும்; சற்றுத் தடித்த, பழைய பாணிக் கோடாவது வரும். கட்டத்தின் மேல் எழுதிய border:1px என்பது புதியவற்றுக்கு. இரண்டும் இருந்தால் ஒன்று தவறினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்ளும். வலப்பக்க ஒதுக்கலுக்கும் அதேதான். border-collapse இல்லாவிட்டால் அடுத்தடுத்த கட்டங்களின் கோடுகள் தனித்தனியே வரையப்பட்டு, ஒட்டி நின்று இரட்டைத் தடிமனில் தெரியும்.

இந்த எழுத்துகளை நோட்பேடில் தட்டி, rate.html என்பது போன்ற ஒரு பெயரில் சேமித்து, இருமுறை சொடுக்கினால் பிரவுசரில் அட்டவணையாகத் திறக்கும். தமிழ் எழுத்து உள்ளே இருந்தால் சேமிக்கும்போது Encoding என்ற இடத்தில் UTF-8 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிரவுசரில் தெரியும் அட்டவணையைத் தேர்ந்து காப்பி செய்து ஜிமெயிலில் ஒட்டினால் விதிகள் கட்டங்களோடு ஒட்டிக்கொண்டே போகும். தண்டர்பேர்டில் Insert மெனுவில் HTML என்றே ஒரு வழி இருக்கிறது. அங்கே எழுத்துகளை நேரடியாக இடலாம். பழைய அவுட்லுக்கில் கோப்பை இணைக்கும் பெட்டியில் Insert பொத்தானின் பக்கத்து அம்பை அழுத்தி Insert as Text தேர்ந்தால், கோப்பு இணைப்பாகப் போகாமல் மெயிலின் உடலாகவே விரியும்.

இவ்வளவு செய்தாலும் வெறும் எழுத்தாகவே படிப்பவர் ஒருவர் எங்காவது இருப்பார். 1992-இல் வந்த மைம் என்ற மின்னஞ்சல் ஏற்பாட்டின்படி ஒரே மெயிலுக்குள் HTML வடிவமும் வெறும் எழுத்து வடிவமும் இரண்டும் சேர்ந்து போகலாம். பெறும் மென்பொருள் தனக்கு உகந்ததை எடுத்துக்கொள்ளும். வெறும் எழுத்து வடிவத்தை எழுதுவது அனுப்புபவர் அல்ல, அவருடைய மெயில் மென்பொருள். அது அட்டவணையை எப்படி உருக்கும் என்பது அதன் கையில். பெறுபவர் இப்படிப் படிப்பவர் என்று முன்பே தெரிந்தால் அவருக்காகக் கையாலேயே நிரல்படுத்தி எழுதுவது மேல்.

இங்கே தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல். வெறும் எழுத்தில் நிரல் பிடிக்க, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் தேவையான ஸ்பேஸ் இட்டு எல்லாவற்றையும் ஒரே நீளமாக்குவது வழக்கம். எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள கூரியர் போன்ற எழுத்துருவில் ஆங்கிலத்துக்கு அது சரியாக வரும். Towel என்பதில் ஐந்து எழுத்து, ஐந்து இடம். “துண்டு” என்ற சொல்லை எக்செல்லின் LEN-இடம் கொடுத்தால் 6 என்று சொல்லும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறிகள் என்பதால் வரும் வேறுபாடு இது. திரையில் அது பிடிக்கும் அகலமோ ஆறுக்கும் பொருந்தாது, மூன்றுக்கும் பொருந்தாது. தமிழ் எழுத்துகள் ஒன்றுபோல் அகலமானவை அல்ல; ணு ஒரு அகலம், ர் ஒரு அகலம். எத்தனை ஸ்பேஸ் இட்டாலும் அடுத்த நெடுவரிசை வரிக்கு வரி ஆடிக்கொண்டேதான் இருக்கும்.

இதற்கு ஒரு சுலபமான வழி, வரிசையைத் திருப்பிப் போடுவது. எண்களை முன்னால் வைத்து, தமிழ்ப் பெயரைக் கடைசி நெடுவரிசையாக்கிவிட்டால் அதற்குப் பின்னால் நிரல் பிடிக்க ஒன்றும் இல்லை.

```
12000   0   1.85  சமையலறைத் துண்டு
  800  25  12.40  மேசை விரிப்பு
 4800  15   3.60  ஏப்ரன்
```

ஒரே அகல எழுத்துருவில் இது அசையாது. ஏரியல் போன்றவற்றில் படித்தாலோ ஸ்பேஸ் ஓர் இலக்கத்தில் பாதி அகலமே இருப்பதால் 800-உம் 4800-உம் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் வரிசைமுறை கெடாது, படிப்பவர் எண்ணை மாற்றி எடுக்க மாட்டார். வரியின் நீளத்தையும் 78 எழுத்துக்குள் வைப்பது நல்லது. மின்னஞ்சல் தரநிர்ணயம் பரிந்துரைக்கும் அளவு அது. அதைத் தாண்டினால் நடுவில் மடிக்கும் மென்பொருள்கள் உண்டு, மடிந்த அட்டவணையை யாராலும் படிக்க முடியாது.

படமாக ஒட்டிவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லையே என்ற கேள்வி நியாயமானது. படத்தில் கோடும் நிரலும் நிச்சயம் கலையாது. ஆனால் பெறுபவர் அதிலிருந்து ஒரு விலையைக்கூட எடுத்துத் தன் தாளில் ஒட்ட முடியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பானுக்கு அது வெறும் படம். ஆறு மாதம் கழித்து KT-104 என்று மெயில் பெட்டியில் தேடினால் அந்த மெயில் சிக்காமலும் போகலாம். விலைப்பட்டியலைப் படமாக அனுப்பினால், பெறுபவர் பார்த்துப் பார்த்துத் தட்ட வேண்டியிருக்கும். அதில் தவறு நேர இடமுண்டு. ஒரே பார்வையில் முடிந்துவிடும் சிறு விளக்கத்துக்குப் படம் போதும், கணக்குக்கு ஒத்துவராது.

எந்த வழியில் செய்தாலும் முதல் முறை ஒரு ஒத்திகை தேவை. வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன் அதே மெயிலைத் தன்னுடைய ஜிமெயில் முகவரிக்கும், அவுட்லுக் வைத்திருக்கும் ஒரு சக ஊழியருக்கும் அனுப்பி, கணினியிலும் கைபேசியிலும் திறந்து பார்க்க வேண்டும். எழுதும் பெட்டியிலோ அனுப்பிய மெயில்களின் பட்டியலிலோ பார்ப்பது ஒத்திகை ஆகாது. அங்கே தெரிவது அனுப்பிய மென்பொருள் தானே வரைந்தது. ஜிமெயிலில் வந்த மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் Show original சொடுக்கினால் உண்மையில் என்ன வந்தது என்பதைப் பார்க்கலாம். வெறும் எழுத்து வடிவம் சேர்ந்து வந்திருந்தால் text/plain என்ற வரியைத் தொடர்ந்து அது இருக்கும். தமிழ் மெயிலாக இருந்தால் அது பெரும்பாலும் குறியீடாக மாற்றப்பட்டுப் புரியாத எழுத்துகளாகத் தெரியும். அதற்காகப் பதற வேண்டாம். ஒத்திகையின் கடைசிக் கட்டமாக, அந்தச் சக ஊழியரைப் பதில் அனுப்பச் சொல்லி, திரும்பி வரும் மெயிலில் அட்டவணை எப்படி இருக்கிறது என்றும் பார்த்துவிட வேண்டும். பேரம் நடப்பது பதில்களில்தான்.

கைபேசியில் திறக்கும்போது அகலம்தான் முதலில் அடிபடும். ஐந்து குறுகிய நெடுவரிசைகள் வரை திரையில் அடங்கும். மெயில் வடிவமைப்பாளர்கள் மொத்த அகலத்தை 600 பிக்ஸல் அளவில் நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். பன்னிரண்டு நெடுவரிசைகள் கொண்ட தாளை ஒட்டினால் சில ஆப்கள் எழுத்தைப் பொடியாக்கும், சில பக்கவாட்டில் ஓடவிடும். நீளத்துக்கும் ஓர் எல்லை உண்டு: ஒரு மெயிலின் HTML 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் அதை அங்கேயே வெட்டி, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் வைக்கும். எக்செல்லில் இருந்து ஒட்டிய நீண்ட பட்டியல் ஒவ்வொரு கட்டத்திலும் விதிகளைச் சுமந்து வருவதால் சில நூறு வரிசைகளிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். வெட்டு விழுவது கடைசியில், மொத்தத் தொகை இருக்கும் இடத்தில். அந்த அளவுப் பட்டியலுக்கு எக்செல் கோப்பை இணைத்துவிட்டு, மெயிலின் உடலில் வாடிக்கையாளர் முடிவெடுக்க வேண்டிய நான்கைந்து வரிசைகளை மட்டும் கட்டத்தோடு வைக்கலாம்.